ஒரே பாறை, ஏன் இரண்டு மண்?

"மொரிஷியஸ் முழுக்க பசால்ட் என்ற எரிமலைப் பாறைதானே? கியூர்பிப்பில் எங்கள் மண் பழுப்பாக உதிர்கிறது. மேற்குக் கரையில் அக்கா வீட்டில் கறுத்து வெடிக்கிறது. ஏன்?"

முக்கியமாக மழைதான், தம்பி. கியூர்பிப்பில் ஆண்டுக்கு 3000 மி.மீ.க்கு மேல் பெய்யும். கரியமில வாயு கலந்த மழைநீர் லேசான அமிலம். பாறையிலிருந்து சிலிக்கா, கால்சியம், மெக்னீசியத்தைக் கரைத்து வெளியேற்றிவிடும். இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் எஞ்சும். அவை நனைந்து உப்புவதுமில்லை, காய்ந்து சுருங்குவதுமில்லை.

மேற்கில் 1000 மி.மீ. வருவதே அரிது. கரைந்தவை தாழ்வான இடத்தில் தேங்கி, ஸ்மெக்டைட் களிமண்ணாகின்றன. நனைந்தால் உப்பும், காய்ந்தால் பிளக்கும்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், மட்கிய இலைதழையும் மண்ணைக் கறுப்பாக்கும். கல்லைப் பொறுக்கி, ஈரமண்ணை 10 செ.மீ. குச்சியாக உருட்டி நிழலில் காயவையுங்கள். 9.4 செ.மீ.க்குக் கீழே சுருங்கினால் பெரும்பாலும் ஸ்மெக்டைட்தான். கியூர்பிப் மண் உருட்டும்போதே உடைந்தால் வியக்க வேண்டாம்.