விடியற்காலைத் தலையிடியும் லண்டன் குளிசையும்

கேள்வி: எனக்கு 41 வயது. இருபதுகளிலிருந்தே மாதத்தில் மூன்று நான்கு தடவை ஒரு பக்கத் தலையிடி வரும், சத்தியும் எடுப்பேன். இரண்டு வருடமாக லண்டனில் இருக்கும் அக்கா அனுப்புகிற, தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் குளிசை எடுக்கிறேன். பெட்டியில் பரசிட்டமோல் 500, கோடீன் 8, கஃபீன் 30 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. ஆரம்பத்தில் ஒன்றிலேயே நின்றது. இப்போது விடிய ஐந்து மணிக்கே தலையிடியோடு எழும்புகிறேன், காலை இரண்டு, மத்தியானம் இரண்டு, பின்னேரம் இரண்டு. எடுக்காத நாளில் எரிச்சல், கொட்டாவி, கால் உளைச்சல். சில இரவு தலையிடி இல்லாமலே ஒன்று எடுத்திருக்கிறேன், மனம் லேசாகி நித்திரை வரும். போன மாதம் காய்ச்சலில் படுத்த 11 வயது மகளுக்கும் பாதி கொடுத்தேன். "இது போதைப் பழக்கமா?" என்று கணவர் கேட்கிறார். வேறு என்ன எடுக்கலாம்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: முதலில் மகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு இனி இந்தக் குளிசை வேண்டாம், பாதியும் வேண்டாம், கால்வாசியும் வேண்டாம். கோடீன் உடம்புக்குள் போனதும் அதில் ஒரு பகுதியை ஈரல் மோர்ஃபீனாக மாற்றுகிறது, வலியைக் குறைப்பது பெரும்பாலும் அந்த மோர்ஃபீன்தான். எவ்வளவு மாறும் என்பது பரம்பரையைப் பொறுத்தது. சிலருக்கு மாறுவதே இல்லை, அதனால் வலியும் குறையாது. சிலருக்கு வேகமாகவும் அதிகமாகவும் மாறும். அப்படிப்பட்ட பிள்ளைக்குச் சின்ன அளவிலேயே மூச்சு மந்தமாகலாம். அவள் எந்த வகை என்று வெளியில் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் 12 வயதுக்குக் கீழே கோடீன் கொடுக்கக் கூடாது என்று பல நாடுகளில் விதியே இருக்கிறது, பால் கொடுக்கும் தாய்மாரும் எடுக்கக் கூடாது. காய்ச்சல் என்றால் அவளுடைய நிறைக்கு ஏற்ற அளவில் தனிப் பரசிட்டமோல் போதும்.

சரி, இப்போது உங்கள் ஐந்து மணித் தலையிடிக்கு வருவோம். நீங்கள் அதை உங்கள் பழைய ஒரு பக்கத் தலையிடி முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அதில் பெரும்பங்கு இந்தக் குளிசை உண்டாக்கிய தலையிடி.

ஆறு குளிசையில் ஒரு நாளைக்கு 180 மில்லிகிராம் கஃபீன் உள்ளே போகிறது. தேத்தண்ணீர் எத்தனை என்று நீங்கள் எழுதவில்லை. நம் வீடுகளில் சாயம் கூடிய தேத்தண்ணீர் மூன்று நான்கு கோப்பை சாதாரணம், அதையும் கூட்டினால் 300 தாண்டிவிடும். மூளையில் அடினோசின் என்றொரு பொருள் இரத்தக் குழாய்களை விரித்து நம்மைக் களைக்க வைக்கும், கஃபீன் அதன் இருப்பிடத்தில் போய் உட்கார்ந்து அதைத் தடுக்கும். நாள்தோறும் தடுத்தால் மூளை அந்த இருப்பிடங்களைக் கூட்டிக்கொள்கிறது. பிறகு கஃபீன் குறையும்போது குழாய்கள் விரிந்து தலை இடிக்கத் தொடங்கும். கடைசியாக எடுத்து 12 முதல் 24 மணித்தியாலத்துக்குள் இது ஆரம்பிக்கும். உங்கள் கடைசிக் குளிசை பின்னேரம் ஐந்து மணியளவில் என்றால், விடிய ஐந்து மணி சரியாகப் பன்னிரண்டாவது மணித்தியாலம்.

கோடீனுக்கும் இதே கதைதான், இன்னும் கொஞ்சம் விரைவாக. சுமார் மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரத்தத்தில் உள்ள அளவு பாதியாகும், விடியும்போது கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சாது. நீங்கள் எழுதிய கொட்டாவியும் எரிச்சலும் ஒற்றைத் தலைவலியிலும் வரலாம், ஆனால் குளிசை எடுக்காத நாளில் கால் உளைச்சலோடு சேர்ந்து வருவதால் காரணம் வேறு என்று தோன்றுகிறது. கோடீன், மோர்ஃபீன் போன்ற ஓபியாய்டு வலி மருந்து இறங்கும்போது உடம்பு காட்டுகிறவை இவை. மூக்கு ஒழுகுவதும், வயிறு இளகிப்போவதும், மயிர்க்கூச்செறிவதும் இதே வகைதான், உங்களுக்கு அவையும் இருந்திருக்கலாம், தடிமன் என்று விட்டிருப்பீர்கள்.

அந்த நேரத்தில் இரண்டு குளிசையைக் கரைத்துக் குடித்தால் அரை மணித்தியாலத்தில் எல்லாம் அடங்கிவிடும். மருந்து தானே உண்டாக்கிய தவிப்பைத் தானே தீர்த்து வைக்கிறது, மூளை அதிலிருந்து "இது இல்லாமல் முடியாது" என்று படித்துக்கொள்கிறது. கஃபீன் தருகிற உற்சாகமும் கோடீன் தருகிற லேசான மனமும் சேர்ந்து வருவதால், தனிப் பரசிட்டமோல் எடுப்பவரைவிட இந்தக் கலவையை எடுப்பவர் வேகமாகப் பிடிபடுகிறார். இதற்கிடையில் பழக்கத்தால் கோடீனின் வேலை குறைந்துகொண்டே போகும், ஒன்று இரண்டாவதும் இரண்டு ஆறாவதும் அப்படித்தான். போதாததற்கு, ஓபியாய்டு அடிக்கடி போனால் ஒற்றைத் தலைவலிக்காரர்களின் வலி நரம்புகள் இன்னும் கூச்சமாகிவிடுகின்றன. நான்கு நாள் தலையிடி இருபது நாளாவது இதனால்தான்.

தலையிடி வைத்தியத்தில் இதற்கு ஒரு கணக்கு உண்டு, அது எத்தனை குளிசை என்ற கணக்கு அல்ல, எத்தனை நாள் என்ற கணக்கு. கோடீன் சேர்ந்ததோ வேறு கலவைக் குளிசையோ மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து எடுத்து, தலையிடியும் மாதத்தில் 15 நாளுக்குக் குறையாமல் இருந்தால் மருந்து மிகையால் வந்த தலையிடி என்று சந்தேகிக்க வேண்டும். தனிப் பரசிட்டமோலுக்கும் ஐபுப்ரோஃபெனுக்கும் அந்த எல்லை 15 நாள். நீங்கள் எடுப்பது முப்பது நாளும். அக்கா அனுப்புகிற பெட்டியின் முகப்பை ஒருதரம் பாருங்கள், பிரித்தானியாவில் விற்கும் இத்தகைய பெட்டிகளில் பழக்கமாகலாம், மூன்று நாள் மட்டும் பாவிக்கவும் என்று அச்சடித்திருக்கும். அவுஸ்திரேலியாவில் 2018 பெப்ரவரியிலிருந்து கோடீன் குளிசையை வைத்தியரின் சீட்டு இல்லாமல் வாங்கவே முடியாது.

கணவர் கேட்டதற்கு ஒளிக்காமல் பதில் சொல்கிறேன். நாளுக்கு 48 மில்லிகிராம் கோடீன் பெரிய அளவு அல்ல. உடம்பு அதில் தங்கிவிட்டது என்பது மட்டும் இருந்தால் அதைப் போதை என்று நான் சொல்ல மாட்டேன், யாருக்கும் அப்படி ஆகும், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் தலையிடி இல்லாத இரவிலும் மனம் லேசாக ஒன்று எடுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, நான் கவலைப்படுவது அந்த வரிக்குத்தான். வலிக்காக எடுத்தது மனதுக்காக மாறும் இடம் அது. இதை வைத்தியரிடம் மறைக்காதீர்கள், கணவரிடமும் சொல்லுங்கள், அவருடைய உதவி தேவைப்படும். நித்திரைக் குளிசையோ, மதுவோ, தூக்கம் வரச் செய்யும் இருமல் பாணியோ இதோடு சேரவே கூடாது, மூச்சை அடக்கிவிடும்.

நிறுத்துவது எப்படி? கஃபீனும் கோடீனும் ஒரே நாளில் நின்றால் முதல் வாரம் தாங்க முடியாமல் திரும்பவும் பெட்டியைத் திறப்பீர்கள். உங்களைப் போன்றவருக்கு நான் பொதுவாகச் சொல்வது நான்கைந்து நாளைக்கு ஒரு குளிசை என்று குறைப்பது. முதலில் மத்தியானம் இரண்டில் ஒன்று, நான்கைந்து நாள் கழித்து மற்றது, அப்புறம் பின்னேரத்தது, விடியற்காலை இரண்டும் கடைசியில். ஏறக்குறைய நான்கு வாரத்தில் முடியும். அந்த நாட்களில் தேத்தண்ணீரைக் கூட்டவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம், வழக்கம் போல அதே நேரத்தில் அதே அளவு குடியுங்கள். குளிசை முழுவதும் நின்ற பிறகு கோப்பைகளைக் குறைக்கலாம். அன்றன்றைய குளிசையை மட்டும் கணவர் எடுத்துத் தரட்டும், மிச்சம் உங்கள் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். அக்காவுக்கு இன்றே ஒரு கோல் எடுத்து இனி அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இடையில் தலையிடி கூடும், அதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள். பெரும்பாலும் இரண்டு நாளிலிருந்து பத்து நாள் வரை கடுமையாக இருக்கும், பிறகு படிப்படியாகத் தணியும். முழுப் பலன் தெரிய இரண்டு மாதமும் ஆகலாம். அதனால் பரீட்சை மேற்பார்வை, கல்யாண வீடு போன்றவை இல்லாத மாதமாகத் தெரிவு செய்யுங்கள். இதைத் தனியே செய்யாமல் ஒரு வைத்தியரோடு செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சத்திக்கு டொம்பெரிடோன் தருவார். வயிறும் சிறுநீரகமும் நன்றாக இருந்தால் ஓரிரு வாரத்துக்கு நப்ரொக்சென் தந்து அந்தக் கடுமையான நாட்களைக் கடக்க வைக்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், தலையிடி வருவதையே குறைக்கும் மருந்தை அப்போதே ஆரம்பிக்கலாம். புரோப்ரனோலோல் நல்லது, ஆனால் உங்களுக்கு ஆஸ்துமா இருந்தால் வேண்டாம், முதலிலேயே சொல்லுங்கள். நித்திரையும் கெட்டிருப்பதால் இரவில் 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலினும் பொருந்தலாம். இவை இரண்டு மூன்று நாளில் பலன் தராது, ஆறு முதல் எட்டு வாரம் பொறுக்க வேண்டும். ஒரு பெண் இரண்டு வாரத்தில் "சரிவரவில்லை" என்று விட்டுவிட்டு மறுபடி பெட்டிக்கே போனதைப் பார்த்திருக்கிறேன். பொறுத்திருந்தால் அவருக்கும் சரிவந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அப்புறம், உங்கள் பழைய தலையிடி, அந்த மாதம் மூன்று நான்கு தடவை வருவது, அது திரும்பி வரும். அதற்குக் கோடீன் தேவையே இல்லை. வலி ஆரம்பித்த உடனே, முற்ற விடாமல், ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஐபுப்ரோஃபென் 400 மில்லிகிராம் எடுங்கள், அல்லது கரையும் அஸ்பிரின் 300 மில்லிகிராம் மூன்றை ஒரே தடவையில் எடுங்கள், கூடவே சத்திக்கு டொம்பெரிடோன். இந்த இரண்டும் ஒற்றைத் தலைவலிக்குக் கோடீன் கலவையைவிட நல்ல தெரிவு. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, கர்ப்பம் இருந்தால் கேட்காமல் எடுக்க வேண்டாம். இவையும் கேட்காவிட்டால் சுமட்ரிப்டான் இருக்கிறது, இதய நோய் இல்லாதவருக்கு வைத்தியர் எழுதித் தருவார். எதுவானாலும் வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம், கலண்டரில் எடுத்த நாளுக்கு ஒரு புள்ளி வையுங்கள், புள்ளி பத்தை நெருங்கினால் வைத்தியரிடம் போங்கள்.

கொழும்பில் இருப்பதால் ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். தலையிடியோடு காய்ச்சலும் இருந்தால் டெங்கு இல்லை என்று இரத்தப் பரிசோதனையில் தெரியும் வரை ஐபுப்ரோஃபெனும் அஸ்பிரினும் தொடவே வேண்டாம், இரத்தக் கசிவைக் கூட்டும். அப்போது பரசிட்டமோல் மட்டும். ஆனால் இந்த லண்டன் குளிசையிலேயே நாளுக்கு 3000 மில்லிகிராம் பரசிட்டமோல் போய்க்கொண்டிருக்கிறது என்பதை மறந்து மேலே பனடோல் எடுக்காதீர்கள். நாளுக்கு 4000 தான் உச்சம், மூன்றே பனடோலில் அது தாண்டிவிடும், ஈரல் கெட ஆரம்பிப்பது முதலில் வெளியில் தெரியாது. கரையும் குளிசையில் உப்புச் சத்தும் நிறைய உண்டு, ஒன்றில் 400 மில்லிகிராமளவு சோடியம் இருக்கும், அதனால் போகிற அன்றே பிரஷரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு நொடியில் உச்சத்துக்குப் போகும் தலையிடி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் பலவீனம், பேச்சுக் குழறுதல், பார்வை மங்குதல், வலிப்பு, இவற்றில் ஏதாவது வந்தால் எந்தக் குளிசையையும் தேட வேண்டாம், 1990 அம்புலன்ஸை அழைத்து நேரே வைத்தியசாலைக்குப் போங்கள்.