தானாக நின்ற ரத்தம்

இம்முறை வந்த கடிதங்களில் ஐந்து, சிறுநீரில் ரத்தம் என்ற ஒரே விஷயத்தைச் சுற்றியவை. எல்லாம் காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்திலிருந்து வந்தவை. எல்லாவற்றிலும் அறுபதைக் கடந்த ஓர் ஆண். ஆகவே சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

என் அப்பச்சிக்கு 71 வயது. ஆத்தாவுடன் கண்டனூரில் இருக்கிறார்கள். போன மாதம் இரண்டு நாள் சிறுநீர் சிவப்பாகப் போயிருக்கிறது. வலி, எரிச்சல், காய்ச்சல் எதுவும் இல்லை. வெயில் சூடு என்று வெந்தயமும் நீர்மோரும் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் தெளிந்துவிட்டது. "நின்றதற்கு எதற்கு டாக்டர்?" என்கிறார்கள் அப்பச்சி. போகத்தான் வேண்டுமா?

போக வேண்டும். இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள்.

உடம்பில் நீர் குறைந்தால் சிறுநீர் மஞ்சளாக அடர்ந்து போகும், எரியும். ரத்தம் வராது. கல்லாக இருந்தால் பெரும்பாலும் விலாவிலிருந்து தொடை வரை வலி சுருட்டி இழுக்கும். கிருமித் தொற்று என்றால் எரிச்சலும் அடிக்கடி போகும் அவசரமும் இருக்கும். இவை எதுவும் இல்லாமல், வயதான ஆணுக்கு வெறும் ரத்தம் மட்டும் வந்தால், சிறுநீர்ப்பையில் கட்டி இல்லை என்று உறுதி செய்யும்வரை நாங்கள் நிம்மதி அடைவதில்லை. புராஸ்டேட் வீக்கத்திலும் வலியில்லாமல் ரத்தம் வரலாம். ஆனால் அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், ஊகித்துச் சொல்ல முடியாது.

நீர்மோர் அந்த ரத்தத்தை நிறுத்தவில்லை. அது தானாகவே நின்றது. சிறுநீர்ப்பையின் உட்சுவரில் முளைக்கும் கட்டி பெரும்பாலும் ஊருணிக்குள் அசையும் பாசி போல, மெல்லிய காம்பில் கொத்தாக இருக்கும். ஒவ்வோர் இழைக்குள்ளும் நூல் போன்ற ரத்தக்குழாய் ஓடும். நுனி ஒன்று பிய்ந்தால் ரத்தம் கசியும், பிறகு உறைந்து அடைபடும். அடுத்த கசிவு வாரத்திலும் வரலாம், ஆறு மாதம் கழித்தும் வரலாம். இடைப்பட்ட நாளில் கொடுத்தது எதுவானாலும் பெயர் அதற்குப் போய்விடும்.

என்னிடம் வந்த 68 வயதுப் பலசரக்குக் கடைக்காரர் ஒருவருக்கு முதல் ரத்தம் வந்தது சித்திரையில். கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனை செய்யாமலே ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ரத்தம் நின்றது, மாத்திரை கேட்டது என்று நம்பினார். ஆவணியில் ஒரு நாள் வந்தது. பழைய சீட்டைக் காட்டி அதே மாத்திரையை வாங்கிக்கொண்டார். மாசியில் ஓர் இரவு ரத்தக் கட்டிகள் அடைத்து ஒரு சொட்டுக்கூடப் போக முடியாமல், அடிவயிறு பானை போல உப்பி வந்து சேர்ந்தார். குழாய் போட்டு ரத்தக் கட்டிகளைக் கழுவி எடுத்த பிறகு உள்ளே பார்த்தால், புற்றுக்கட்டி சிறுநீர்ப்பைச் சுவரின் தசைக்குள் இறங்கியிருந்தது. சிறுநீர்ப்பை முழுவதையும் எடுக்க வேண்டியதாயிற்று. இன்று வயிற்றில் ஒட்டிய பையில்தான் அவருக்குச் சிறுநீர் சேர்கிறது. சித்திரையிலேயே வந்திருந்தால், வயிற்றைக் கிழிக்காமல் சிறுநீர்ப் பாதை வழியாகவே சுரண்டி எடுத்திருக்கும் வாய்ப்பு மிக அதிகம். கண்டுபிடிக்கும்போது இக்கட்டிகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று தசையைத் தொடாமல்தான் இருக்கின்றன.

அப்பச்சியிடம் இதையும் சொல்லுங்கள்: இப்படி ரத்தம் வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. பத்தில் ஓரிருவருக்கு இருக்கிறது. அவர் எந்தப் பக்கம் என்பது பார்த்தால்தான் தெரியும்.

மாமனாருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் சாப்பிடுகிறார். ரத்தம் வந்தது அந்த மாத்திரையால்தானே?

மாத்திரை ரத்தத்தை எளிதில் உறையவிடாது. ஆனால் கசிய ஓர் இடம் இருந்தால்தானே கசியும்? அந்த மாத்திரை சாப்பிடும் எத்தனையோ பேருக்குச் சிறுநீர் தெளிவாகத்தான் போகிறது. அதனால் இவருக்கும் அதே சோதனைகள் வேண்டும். சிறிய கட்டியைக்கூட இந்த மாத்திரைகள் முன்கூட்டியே காட்டிக் கொடுத்துவிடுவது உண்டு. இதய மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம்.

ஸ்கேன் எடுத்தோம், ஒன்றுமில்லை என்று வந்தது. பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையும் சரி. அப்படியும் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். 66 வயதில் அந்த வேதனை தேவையா?

பி.எஸ்.ஏ. புராஸ்டேட்டைப் பற்றியது. சிறுநீர்ப்பையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பெரிய கட்டி தெரியும். ஆனால் சிறியதும், சுவரோடு ஒட்டிப் படர்ந்ததும் தப்பிவிடும். பை சரியாக நிரம்பாமல் எடுத்த ஸ்கேன் என்றால் சுவரின் மடிப்புக்குள் கட்டி ஒளிந்துகொள்ளும். படர்ந்து கிடப்பதுதான் பல நேரங்களில் வேகமான வகை என்பதால் இந்தக் குறையை நான் சிறிதாக எண்ணுவதில்லை. கண்ணால் பார்ப்பதற்கு ஈடாக வேறு சோதனை இல்லை.

வேதனையைப் பற்றி உள்ளபடியே சொல்கிறேன். முதலில் சிறுநீர்ச் சோதனையில் கிருமி இல்லை என்று உறுதி செய்வார்கள். பிறகு மரத்துப்போகச் செய்யும் ஜெல்லைச் சிறுநீர்ப் பாதைக்குள் செலுத்திச் சில நிமிடம் காத்திருப்பார்கள். உள்ளே பார்க்கும் கருவியில் வளையும் வகை பென்சிலைவிட மெல்லியது. புராஸ்டேட்டைக் கடக்கும் சில வினாடிகள் சுருக்கென்று இருக்கும்; அப்போது மூச்சை மெதுவாக விட்டு, சிறுநீர் கழிப்பதுபோல் தளர்ந்துகொண்டால் எளிதாக நுழையும். பிறகு உப்புநீரால் பையை நிரப்பிச் சுவர் முழுவதையும் சுற்றிப் பார்ப்பார்கள். பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அன்றே வீட்டுக்குப் போகலாம். வளையாத கருவி மட்டுமே இருக்கும் இடத்தில் முதுகில் மயக்க ஊசி போட்டுச் செய்வார்கள். ஓரிரு நாள் எரிச்சலும் இளஞ்சிவப்புச் சிறுநீரும் இயல்பு. குளிர் நடுங்கிக் காய்ச்சல் வந்தாலோ சிறுநீர் அடைத்தாலோ உடனே திரும்பி வாருங்கள்.

சிறுநீரகத்தையும் அதிலிருந்து இறங்கும் குழாய்களையும் பார்க்க மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன் தனி. அதற்கு முன், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின் அளவு பார்க்க வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆத்தங்குடியில் நாற்பது ஆண்டுகளாகத் தளக்கல் செய்கிறேன், வயது 63. ஒரு முறை ரத்தம் வந்தது. சாயப்பொடியால் இருக்குமா? பீடி பழக்கம் உண்டு.

சிறுநீர்ப்பைப் புற்றுநோயோடு தொடர்பு உறுதியான சாயங்கள் வேறு வகை. துணிச்சாயத்திலும் ரப்பர் தொழிலிலும் முன்பு பயன்பட்ட சில அமீன் வகை ரசாயனங்கள் அவை. சிமென்ட்டில் கலக்கும் ஆக்சைடு நிறங்கள் அந்த வகையில் சேரா. ஐயா, நீங்கள் கடைசியில் ஒரு சொல்லாக எழுதிய பீடிதான் என் கவலை. புகையில் உள்ள நச்சு ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தால் வடிகட்டப்பட்டு, பைக்குள் மணிக்கணக்கில் தேங்கிச் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. இந்த நோயில் ஏறக்குறைய பாதிக்குப் புகைதான் காரணம். ஒரு முறை வந்தாலும் போதும், பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணனுக்குக் கட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். தசையில் இறங்கவில்லை என்று அறிக்கை வந்தது. மூன்று மாதத்தில் திரும்ப வரச் சொல்கிறார்கள். ரத்தமே இல்லையே?

அறிக்கையில் ஒரு வரியைத் தேடிப் பாருங்கள்: எடுத்த துண்டில் தசை இருந்ததா? தசையே இல்லாத துண்டை வைத்துக்கொண்டு தசையில் இறங்கவில்லை என்று சொல்ல முடியாது. அப்படியானால், வேகமான வகைக் கட்டியாக இருக்கும்போது, சில வாரங்களில் இரண்டாம் முறை சுரண்டிப் பார்ப்பது வழக்கம். சிலருக்குக் கட்டி மறுபடி முளைப்பதைத் தடுக்கப் பி.சி.ஜி. மருந்தை வாரம் ஒரு முறையாக ஆறு வாரம் பைக்குள் செலுத்துவார்கள்.

தசை இருந்து, அது சுத்தமாகவும் இருந்தால் நல்ல செய்திதான். ஆனாலும் இந்தக் கட்டி அதே பையில் வேறோர் இடத்தில் மறுபடி முளைக்கும் இயல்புடையது. ரத்தம் வரும்வரை காத்திராமல், கடுகளவில் இருக்கும்போதே பிடிப்பதற்காகத்தான் அந்த மூன்றாம் மாதப் பார்வை. அன்றைக்கு அண்ணனுடன் நீங்களும் போய்வாருங்கள். அந்த அறிக்கையையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.