யுரேனியம் பிளவில் கிடைப்பது 173ஆ, 200ஆ?

கேள்வி: யுரேனியம்-235 பிளவுக் கணக்கை மூன்று முறை போட்டுவிட்டேன், 173 MeV தான் வருகிறது. புத்தகம் 200 என்கிறது. எங்கே தவறினேன்?

பதில்: கணக்கில் தவறில்லை. நீங்கள் எழுதிய சமன்பாடுதான் பாதி வழியில் நிற்கிறது.

²³⁵U + n → ¹⁴¹Ba + ⁹²Kr + 3n

இடப்பக்கத்து நிறை 235.043930 + 1.008665 = 236.052595 u. வலப்பக்கத்தில் பேரியம் 140.914411, கிரிப்டான் 91.926156, மூன்று நியூட்ரான்கள் 3.025995, ஆக 235.866562 u. வேறுபாடான 0.186033 u-வை 931.494 ஆல் பெருக்கினால் 173.3 MeV.

ஆனால் இந்தப் பேரியமும் கிரிப்டானும் நிலையானவை அல்ல. இரண்டிலும் நியூட்ரான்கள் மிகுதி என்பதால், பேரியம் மூன்று பீட்டா சிதைவுகளுக்குப் பின் பிரசியோடைமியம்-141 ஆகவும், கிரிப்டான் நான்கு சிதைவுகளுக்குப் பின் சிர்கோனியம்-92 ஆகவும் மாறி அமைதியடைகின்றன. இந்த இரண்டின் நிறைகள் 140.907658, 91.905041 என்பதால் மேலும் 0.027868 u குறைகிறது; அது ஏறத்தாழ 26 MeV. இரண்டும் சேர்ந்தால் 199. அணுக்கரு வெவ்வேறு விதமாகப் பிளப்பதால் புத்தகத்து 200 என்பது பல பிளவுகளின் சராசரி மதிப்பு. அதோடு நம் எண் இவ்வளவு நெருங்கியதில் தற்செயலுக்கும் பங்குண்டு. பீட்டா சிதைவில் வரும் ஆற்றலில் ஒரு பகுதியை எதிர்நியூட்ரினோக்கள் கொண்டுபோய்விடுகின்றன, அது உலையில் வெப்பமாகத் தங்குவதில்லை. எஞ்சிய பகுதி மெல்ல மெல்ல வெளிப்படுவதால்தான் உலையை நிறுத்திய பின்னும் எரிபொருளைத் தொடர்ந்து குளிர்விக்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: நான் ஒரு நியூக்ளியானுக்கான பிணைப்பாற்றலை வைத்துப் போட்டேன், 166 வந்தது. மூன்று நியூட்ரான்களின் பிணைப்பாற்றலைச் சேர்க்காததுதானே காரணம்?

பதில்: வழி சரி, காரணம் வேறு. தனி நியூட்ரான் எதனோடும் பிணையாதது, அதன் பிணைப்பாற்றல் சுழியம். அதைச் சேர்க்காமல் விட்டதே முறை. நீங்கள் 7.6, 8.3, 8.5 என்று ஒரு தசம இடத்தோடு நிறுத்தியிருப்பீர்கள். அவற்றை 235, 141, 92 ஆல் பெருக்கிக் கழித்தால் 166.3 தான் வரும். 0.01 அளவு பிழைகூட 235 ஆல் பெருக்கும்போது 2.35 MeV ஆகிவிடுகிறது. 7.591, 8.326, 8.513 என்று எடுத்தால் வலப்பக்கம் 1957.2, இடப்பக்கம் 1783.9, வேறுபாடு அதே 173.3. இரண்டு பெரிய எண்களைக் கழித்துச் சிறிய எண்ணைப் பெறும் கணக்கில் எல்லாப் பிழையும் அந்தச் சிறிய எண்ணின் தலையில்தான் விழும்.

கேள்வி: நிறை குறைகிறது என்றால் எந்த நியூட்ரான் ஆற்றலாக மாறி மறைகிறது?

பதில்: எதுவும் மறைவதில்லை. எண்ணிப் பாருங்கள், இருபக்கமும் 236 நியூக்ளியான்கள், 92 புரோட்டான்கள். துகள்கள் அத்தனையும் இருக்கின்றன. அவை கூடியிருக்கும்போது உள்ள நிறைதான் குறைவு.

கேள்வி: பிணைப்பாற்றல் அதிகம் என்றால் உள்ளே ஆற்றல் அதிகம் சேர்ந்திருக்கிறது என்றுதானே பொருள்? அப்படியானால் இரும்பைப் பிளந்தால் நிறையக் கிடைக்க வேண்டுமே?

பதில்: இந்தச் சொல்லே பலரை ஏமாற்றுகிறது. அது உள்ளே இருக்கும் சேமிப்பு அல்ல, கருவை முற்றிலும் பிரிக்க நாம் செலுத்த வேண்டிய தொகை. இரும்பு-56 ஐ இரண்டு அலுமினியம்-28 ஆகப் பிளப்பதாக வைத்துக்கொள்வோம். இரும்பின் நிறை 55.934936 u, இரண்டு அலுமினியமும் சேர்ந்து 55.963820 u. நிறை கூடிவிட்டது, அதாவது ஏறத்தாழ 26.9 MeV நாம்தான் கொடுக்க வேண்டும். பிணைப்பு இறுகும் திசையில் போனால்தான் ஆற்றல் வெளிவரும், அது பிளவானாலும் இணைவானாலும்.

கேள்வி: சூரியனில் இரண்டு புரோட்டான்கள் இணைந்து டியூட்ரான் ஆவதற்கு எனக்கு 0.93 வருகிறது, நண்பனுக்கு 1.44, வேறொரு நூலில் 0.42. அணு நிறைதான் எடுத்தேன், பாசிட்ரானையும் கழித்தேன்.

பதில்: ஒரு எலக்ட்ரான் நிறை விட்டுப்போயிற்று.

p + p → d + e⁺ + ν

அணு நிறைகளை எடுத்தால் இடப்பக்கத்து இரண்டு ஹைட்ரஜன் அணுக்களில் இரண்டு எலக்ட்ரான்கள் உண்டு, வலப்பக்கத்து டியூட்டீரிய அணுவில் ஒன்றுதான். மீந்த எலக்ட்ரானையும் பாசிட்ரானையும் சேர்த்தே கழிக்க வேண்டும்: 1.442 − 1.022 = 0.420 MeV. மேலே பேரியத்துக்கு இந்தத் தொல்லை வரவில்லை, ஏனெனில் பீட்டா சிதைவில் வெளிவரும் எலக்ட்ரான் விளைபொருளின் அணு நிறையிலேயே அடங்கிவிடுகிறது.

உங்கள் நண்பரின் 1.44 தவறன்று. அந்தப் பாசிட்ரான் அருகிலுள்ள எலக்ட்ரான் ஒன்றோடு சேர்ந்து அழிவதால் வரும் 1.022 அதில் சேர்ந்துள்ளது. கேள்வித்தாளில் அந்த அழிவைப் பற்றி ஒன்றும் சொல்லாதபோது எதை எழுதுவது என்பதில் ஆசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எழுதிய சமன்பாட்டுக்கு மட்டுமே விடை என்பதால் நான் 0.42 க்குத்தான் மதிப்பெண் கொடுப்பேன், 1.44 எழுதியவர் பாசிட்ரானின் முடிவையும் ஒரு வரியில் சொல்லியிருந்தால் அவருக்கும் கொடுப்பேன்.