ஓய்வுக்காலப் பணம்: முதல் சரிவு ஏன் அதிகம் அடிக்கிறது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எஸ்.டபிள்யூ.பி., அதாவது ஃபண்டில் போட்ட பணத்தை மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கும் முறை பற்றியவை. அப்படி எடுப்பவருக்கு, சந்தையின் நல்ல வருடமும் கெட்ட வருடமும் எந்த வரிசையில் வருகின்றன என்பதால் வரும் ஆபத்துதான் வரிசை ரிஸ்க். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கே: என்னிடம் 60 லட்சம் இருக்கிறது. மாதம் எவ்வளவு எடுக்கலாம்? (வாசகர், கோவை)

வயது என்ன, பென்ஷன் உண்டா, வீடு சொந்தமா, பணம் எஃப்.டி.யில் இருக்கிறதா பங்கு ஃபண்டில் இருக்கிறதா என்று எதுவுமே எழுதவில்லையே சார். ஜாதகம் பார்க்கவும் பிறந்த நேரமாவது வேண்டும். விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

கே: மாநில அரசில் ஓய்வு பெற்றவன். அகவிலைப்படியுடன் முழு பென்ஷன் வருகிறது. மியூச்சுவல் ஃபண்டில் 25 லட்சம் இருக்கிறது, அதைத் தொடுவதில்லை. இந்த வரிசை ரிஸ்க் எனக்கும் உண்டா? (வாசகர், திருநெல்வேலி)

இல்லை. எடுப்பவருக்குத்தான் அந்தக் கவலை.

கே: அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறேன், வயது 60. பென்ஷன் கிடையாது. பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து ஒரு கோடி வரும். "பங்கு ஃபண்டில் சராசரி 12 சதவீதம் கிடைக்கும், நீங்கள் 6 சதவீதம்தான் எடுக்கப் போகிறீர்கள், முதல் குறையவே குறையாது" என்று ஒரு விநியோகஸ்தர் எக்செல் தாள் போட்டுக் கொடுத்தார். மாதம் 50,000 போதும். முழுவதையும் போடலாமா? (வாசகர், ஸ்ரீரங்கம்)

வேண்டாம். அந்தத் தாளை நானும் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். எல்லா வருடத்துக்கும் நேராக 12 என்று ஒரே எண்ணைத் தட்டி, கீழே வரை இழுத்துவிட்டிருப்பார்கள். அதன்படி ஐந்து வருடம் பணம் எடுத்த பிறகும் உங்களிடம் 1 கோடியே 33 லட்சம் இருக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சந்தை எந்த வருடமும் சராசரியைக் கொடுப்பதில்லை. சராசரி சரியாகவே அமைந்தாலும், எந்த வருடம் முதலில் வந்தது என்பதுதான் உங்கள் விதியை எழுதும்.

நடந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2008-ல் சென்செக்ஸ் சுமார் 52 சதவீதம் விழுந்தது. 2009-ல் 81 சதவீதம் ஏறியது. 2010-ல் 17 ஏற்றம், 2011-ல் 25 இறக்கம், 2012-ல் 26 ஏற்றம். டிவிடெண்டையும் வரியையும் ஒதுக்கிவிடுகிறேன். 2008 ஜனவரியில் ஒரு கோடி போட்டு, எதையும் எடுக்காமல் விட்டவரிடம் ஐந்தாம் வருட முடிவில் 96 லட்சம் இருந்திருக்கும். இதே ஐந்து வருடத்தைத் தலைகீழாக அடுக்கினாலும், அதாவது 26 ஏற்றத்தில் தொடங்கி 52 இறக்கத்தில் முடித்தாலும், அதே 96 லட்சம்தான். பெருக்கலில் வரிசை மாறினால் விடை மாறாது. எடுக்காதவருக்கு வரிசை ஒரு பொருட்டே இல்லை.

இப்போது ஒவ்வொரு வருட ஆரம்பத்திலும் 6 லட்சம் எடுப்போம். நடந்தபடியே நடந்தால் கடைசியில் கையில் 58 லட்சம். தலைகீழாக நடந்தால் 71 லட்சம். போட்ட பணம் அதே, எடுத்த பணம் அதே, ஐந்து வருட ஏற்ற இறக்கமும் அதே. ஆனாலும் 13 லட்சம் வித்தியாசம்.

அது எங்கே போனது என்று யூனிட்டை எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். என்.ஏ.வி., அதாவது ஒரு யூனிட்டின் விலை, 100 என்று வைத்தால் உங்களிடம் ஒரு லட்சம் யூனிட். முதல் வருடம் 6 லட்சத்துக்கு 6,000 யூனிட் விற்கிறீர்கள். சந்தை 52 சதவீதம் விழுந்து என்.ஏ.வி. 48 ஆகிறது. மளிகைக் கடைக்காரர் பாதி விலைக்குக் கொடுப்பாரா? மாட்டார். அதே 6 லட்சம் வேண்டும், அதற்கு 12,500 யூனிட் விற்றாக வேண்டும். மறு வருடம் சந்தை 81 சதவீதம் ஏறியபோது அந்த 12,500 யூனிட்டும் உங்களிடம் இல்லை. ஏற்றம் மிச்சம் இருப்பதற்குத்தான் கிடைக்கும். ஐந்து வருடம் கழித்து என்.ஏ.வி. கிட்டத்தட்ட பழைய இடத்துக்கு, 96-க்கு, வந்துவிட்டது. "சந்தை மீண்டுவிட்டது" என்று டி.வி.யில் சொன்னார்கள். உங்களிடம் மீதி இருந்தது 61,000 யூனிட்டுதான்.

தலைகீழ் வரிசைக்காரர் அதே 6 லட்சத்தை என்.ஏ.வி. 126-லும் 110-லும் 200-லும் விற்று எடுத்தார். அவர் கையில் 74,000-க்கும் மேல் யூனிட் மிச்சம். இதில் வேடிக்கை என்னவென்றால், கடைசி வருடச் சரிவில் அவர் இழந்த தொகை 77 லட்சம். முதல் வருடத்திலேயே அடிபட்டவர் அந்தச் சரிவில் இழந்தது 49 லட்சம்தான். அதிகம் இழந்தவரிடம்தான் அதிகம் மிச்சம். சரிவின் அளவைவிட, சரிவுக்குப் பிறகு எத்தனை முறை கை வைக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் முக்கியம்.

இதில் நான் விலைவாசியைச் சேர்க்கவே இல்லை. 50,000 ஐந்து வருடமும் 50,000 ஆகவே இருக்கும் என்பது யார் வீட்டிலும் நடக்காது.

உங்கள் விநியோகஸ்தரிடம் ஒன்று கேளுங்கள்: "இதே தாளில் 2008-ஐ முதல் வருடமாகப் போட்டுக் காட்டுங்கள்." போட மறுத்தால் ஆளை மாற்றுங்கள். போட்டுக் காட்டிவிட்டு, "அப்படியெல்லாம் அடிக்கடி வராது" என்று சொன்னாலும் மாற்றுங்கள். அடிக்கடி வர வேண்டாம், உங்கள் 61-வது வயதில் ஒரே ஒரு முறை வந்தால் போதும்.

கே: மகனுக்கு 28 வயது, எஸ்.ஐ.பி. போடுகிறான். ஆரம்பித்ததுமே சந்தை விழுந்துவிட்டது. நிறுத்தச் சொல்லவா? (வாசகி, நாகர்கோவில்)

நிறுத்த வேண்டாம் அம்மா. உங்கள் மகன் வாங்குகிறவர், விலை குறைந்தால் யூனிட் அதிகம் சேரும். ஆரம்பத்தில் விழுவது அவருக்கு நல்லது. அவருக்கு ஆபத்தான சரிவு 55 வயதுக்கு மேல் வருவது. அப்போதுதான் பணம் பெரிதாக இருக்கும், சம்பளம் முடியப்போகும்.

கே: மூன்று வருடச் செலவை எஃப்.டி.யில் வைக்கச் சொல்லி முன்பு எழுதியிருந்தீர்கள். 6 சதவீதத்துக்கு 18 லட்சத்தை முடக்குவது வீண் இல்லையா? (வாசகர், மதுரை)

மேலே ஸ்ரீரங்கத்துக்காரருக்குப் போட்ட அதே கணக்கில் பார்ப்போம். 82 லட்சம் பங்கில், 18 லட்சம் எஃப்.டி.யில். முதல் மூன்று வருடம் எஃப்.டி.யிலிருந்தே சாப்பிடுகிறார், ஒரு யூனிட்டையும் விற்கவில்லை. 2010 முடிவில் பங்குப் பணம் 83 லட்சத்துக்கு வந்துவிடுகிறது. பிறகு பங்கிலிருந்து எடுக்கிறார். ஐந்தாம் வருட முடிவில் மொத்தம் சுமார் 67 லட்சம். எல்லாவற்றையும் பங்கில் போட்டவரிடம் இருந்தது 58.

ஆனால் பலர் பாதி வேலையோடு நின்றுவிடுகிறார்கள். எஃப்.டி. காலியாகிவிட்டது, அதை யாரும் நிரப்பவில்லை, 2011-ல் இரண்டாவது அடி விழுகிறது. 2010 முடிவில், பங்குப் பணம் பழைய 82 லட்சத்தைத் தொட்ட அன்றே, அதிலிருந்து 18 லட்சத்தை எடுத்து மறுபடி எஃப்.டி.யில் போட்டிருந்தால் கடைசியில் கிட்டத்தட்ட 70 லட்சம் நின்றிருக்கும். அன்று அதைச் செய்யக் கை வராது, ஏனென்றால் அப்போதுதான் சந்தை ஏறிக்கொண்டிருக்கும். அதனால் விதியை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி, வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்து வையுங்கள்: பழைய உயரம் வந்தால் எஃப்.டி.யை நிரப்புவது, வராதவரை பங்கைத் தொடாமல் எஃப்.டி.யில் சாப்பிடுவது.

இந்த லாபம் முழுவதும் எஃப்.டி.யின் மாயம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பங்கில் குறைவாகப் போட்டதாலும் அடி குறைந்தது. சந்தை ஐந்து வருடமும் ஏறியிருந்தால் இவர் சற்றுப் பின்தங்கியிருப்பார். அது பிரீமியம் மாதிரி, கட்டித்தான் ஆக வேண்டும். சரிவு நான்கைந்து வருடம் இழுத்தால் மூன்று வருட எஃப்.டி.யும் போதாது. அப்போது செலவைக் குறைப்பது தவிர வழியில்லை.

60 தாண்டியவர் முதலில் அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தைப் பாருங்கள். உச்சவரம்பு 30 லட்சம். 8 சதவீதத்தைச் சுற்றி வட்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கைக்கு வரும். அது செலவில் ஒரு பங்கைத் தாங்கினால் யூனிட் விற்கும் தேவையே குறைந்துவிடும். மறுபடி சொல்கிறேன், விழுந்த சந்தையில் யூனிட்டை விற்காமல் இருக்க எது உதவினாலும் நல்லதுதான்.

கே: எனக்கு 76 வயது. 80 லட்சமாக இருந்த முதலீடு இந்தச் சரிவில் 62 ஆகிவிட்டது. வருடம் 3.6 லட்சம் எடுக்கிறோம். தூக்கம் வரவில்லை. (வாசகி, தஞ்சாவூர்)

தூங்குங்கள் அம்மா. 62-ஐ 3.6-ஆல் வகுத்தால் 17. பணம் விலைவாசிக்கு ஈடாக மட்டும் வளர்ந்தால்கூட 93 வயது வரை தாங்கும். இதே சரிவு 61 வயதில் வந்திருந்தால் நானே பயமுறுத்தியிருப்பேன், அப்போது இன்னும் முப்பது வருடம் எடுக்க வேண்டியிருந்திருக்கும். ஒரு வருடச் செலவை மட்டும் வங்கியில் தள்ளி வையுங்கள்.

கே: அமெரிக்காவில் 4 சதவீத விதி என்று ஒன்று இருக்கிறதாமே. இங்கே பொருந்துமா? (வாசகர், சென்னை)

1994-ல் வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் போட்ட கணக்கு அது. முதல் வருடம் 4 சதவீதம், பிறகு விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக்கொண்டே போனால் அமெரிக்கச் சந்தை வரலாற்றில் 30 வருடம் தாங்கியது என்றார். பலரும் கவனிக்காத விஷயம், அந்த 4 சராசரியிலிருந்து வந்ததல்ல. மிக மோசமான தொடக்க வருடத்திலிருந்து வந்தது. 1960-களின் பிற்பகுதியில் ஓய்வு பெற்றவர்கள்தான் அதில் அதிகம் அடிபட்டவர்கள். சந்தை சரிவும் 1970-களின் விலைவாசியும் அவர்களுக்குச் சேர்ந்து வந்தன. நம் ஊர் விலைவாசிக்கு 60 வயதில் 3.5-ல் தொடங்குங்கள் என்பேன்.

தொடங்கியதோடு விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு ஏப்ரலிலும் அந்த வருடத் தேவையை அன்றைய மொத்தப் பணத்தால் வகுத்துப் பாருங்கள். 3.5-ல் தொடங்கியது முதல் ஐந்து வருடத்துக்குள் 5-ஐத் தாண்டினால் வரிசை உங்களுக்கு எதிராகத் திரும்பிவிட்டது என்று பொருள். அந்த வருடம் விலைவாசி உயர்வைச் சேர்க்காதீர்கள், காசி யாத்திரையைத் தள்ளிப் போடுங்கள். 2008 கணக்குக்காரருக்கு இந்த எண் 6-லிருந்து ஒரே வருடத்தில் 13-க்குப் போனது. அங்கே போன பிறகு யாத்திரையை ரத்து செய்து பயனில்லை.

கே: யூனிட் விற்பதுதானே பிரச்சினை? டிவிடெண்ட் தரும் பிளானுக்கு மாறிவிட்டால்? (வாசகர், சேலம்)

கொடுத்த டிவிடெண்ட் அளவுக்கு அன்றே என்.ஏ.வி. இறங்கும். யூனிட் எண்ணிக்கை அப்படியே இருக்கும், மதிப்பு போய்விடும். அதற்கு மேல் உங்கள் வருமான வரம்புப்படி வரியும் உண்டு. சந்தை விழுந்த வருடம் ஃபண்ட் நிறுவனம் டிவிடெண்டே கொடுக்காமலும் போகலாம்.