நீளமான டெக்னிக்கல் பாராவை, புதிதாகச் சேர்ந்தவர் மெயிலைப் பார்த்தே செய்யும்படி எப்படி மாற்றி எழுதுவது?

"எங்கள் டீமில் செட்டப் ஸ்டெப் எல்லாம் ஒரே பாராவாக இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் ஆளாளுக்கு வந்து சந்தேகம் கேட்கிறார்கள். மெயிலைப் பார்த்தே செய்து முடிக்கிற மாதிரி எழுதித் தரச் சொல்லிவிட்டார் மேனேஜர். எங்கிருந்து ஆரம்பிப்பது?"

உங்களிடம் இருக்கும் பாராவை எழுதியவர் அந்த வேலையைத் தூக்கத்தில்கூடச் செய்யக்கூடியவராக இருப்பார். எங்கள் டீமில் அப்படி எழுதியவள் நான்தான். பெங்களூரில் 11 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். அந்தப் பாராவால் ஒரு பெண் முதல் வாரத்திலேயே அழ நேர்ந்தது. அதனால்தான் இந்தப் பதில்.

கிட் சர்வரிலிருந்து கோடை இறக்குவதற்கான பாரா அது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் தருகிறேன்:

"ed25519 வகைக் கீயை உருவாக்கி (பாஸ்ஃப்ரேஸ் கட்டாயம், ஏற்கெனவே இருந்தால் அதையே பயன்படுத்தலாம்) அதை உங்கள் ப்ரொஃபைலில் சேர்த்தபின் ரெப்போவை க்ளோன் செய்யவும். இதற்கு விபிஎன் இணைப்பில் இருக்க வேண்டும். விபிஎன்னுக்கு மேனேஜரின் ஒப்புதலை முன்பே பெற்றிருக்க வேண்டும்."

இதில் ஒரு தவறும் இல்லை என்றுதான் இரண்டு வருடம் நினைத்திருந்தேன். திருநெல்வேலியிலிருந்து வந்து, பிடிஎம் லேஅவுட்டில் பிஜியில் தங்கியிருந்த பெண் அவள். பாராவின் வரிசைப்படியே கீயை உருவாக்கினாள். கட்டளை இரண்டு ஃபைல்களைத் தரும்: `id_ed25519`, `id_ed25519.pub`. முதலாவது யாருக்கும் காட்டக்கூடாத ரகசியக் கீ, இரண்டாவது சர்வரில் சேர்க்க வேண்டியது. விபிஎன் இல்லாததால் ப்ரொஃபைல் பக்கம் திறக்கவில்லை. "அதைச் சேர்த்தபின்" என்றுதானே இருக்கிறது, வேறு யாராவது சேர்த்துத் தருவார்கள் என்று நினைத்து, முதல் ஃபைலை டீம் மெயிலுக்கே அனுப்பிவிட்டாள்.

அந்தக் கீயைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக உருவாக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் 40 பேர் பார்க்கும் மெயிலில் ஒரு சீனியர் அவளைக் கண்டித்து ரிப்ளை போட்டார். "அக்கா, 'அதை'ன்னா எந்த ஃபைல்னு எனக்குத் தெரியல" என்றாள் கேன்டீனில். "நீ செஞ்சதுல தப்பில்லம்மா, எழுதினதுலதான் தப்பு" என்றேன். அந்த மெயிலுக்கும் அப்படியே ரிப்ளை போட்டேன்.

சரி, மாற்றி எழுதிய விதம். பாராவைப் பிரிண்ட் எடுத்து வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிட்டேன்: உருவாக்கு, சேர், க்ளோன் செய், இணை, ஒப்புதல் பெறு. அப்புறம் அவற்றுக்குச் செய்யும் வரிசையில் எண் போட்டேன். கடைசி வாக்கியத்தில் இருந்த ஒப்புதல் ஒன்று ஆனது, விபிஎன் இரண்டு ஆனது. நான் ஞாபகம் வந்த வரிசையில் எழுதியிருக்கிறேன், செய்கிறவருக்கு அது தலைகீழ். ஒப்புதல் வர அரைநாள் ஆகும், அதனால் அதைச் செட்டப் மெயிலிலிருந்தே எடுத்துவிட்டு, சேர்வதற்கு முந்தின நாள் போகும் தனி மெயிலாக்கினேன். காத்திருக்க வேண்டிய வேலையும் உட்கார்ந்து செய்யும் வேலையும் ஒரே மெயிலில் இருந்தால் ஆள் பாதியில் நின்றுவிடுவார்.

அடுத்து, ஒவ்வொரு ஸ்டெப்பிலும் ஒரே ஒரு செயல், அதன் கீழேயே திரையில் என்ன வரும் என்பது. கீ ஸ்டெப்பை முதலில் இப்படி மாற்றினேன்:

"3. டெர்மினலைத் திறந்து இதை ஒட்டி என்டர் தட்டுங்கள்:

```
ssh-keygen -t ed25519
```

எங்கே சேமிப்பது என்று கேட்கும். எதுவும் டைப் செய்யாமல் என்டர் தட்டுங்கள். `Overwrite (y/n)?` என்று கேட்டால் ஏற்கெனவே ஒரு கீ இருக்கிறது என்று அர்த்தம். `n` கொடுத்துவிட்டு 4-க்குப் போங்கள். இல்லையென்றால் அடுத்து பாஸ்ஃப்ரேஸ் கேட்கும், அதைக் கட்டாயம் கொடுங்கள்.

4. இதை ஒட்டுங்கள்:

```
cat ~/.ssh/id_ed25519.pub
```

`ssh-ed25519` என்று ஆரம்பிக்கும் ஒரே வரி வரும். அதைத்தான் ப்ரொஃபைலில் சேர்க்க வேண்டும். `BEGIN OPENSSH PRIVATE KEY` என்று வந்தால் நீங்கள் பார்ப்பது வேறு ஃபைல். எங்கும் ஒட்டாதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள்."

"ஏற்கெனவே இருந்தால்" என்ற நிபந்தனை அடைப்புக்குறியிலிருந்து எங்கே போனது பாருங்கள். அந்தக் கேள்வி திரையில் வரும் இடத்துக்கே போய்விட்டது. எச்சரிக்கையும் அப்படித்தான். மெயிலின் தலையில் சிவப்பு எழுத்தில் போட்டால் 4-ஆவது ஸ்டெப்புக்கு வரும்போது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

மெயில் என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. Outlook-இல் டைப் செய்யும்போது நேரான மேற்கோள் குறி தானாகவே வளைந்த குறியாகும், இரட்டைக் கோடு சில இடங்களில் ஒற்றை நீளக் கோடாகும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் டெர்மினலில் ஒட்டினால் கட்டளை சரியாக ஓடாது. என் பழைய கட்டளையில் `-C` போட்டு மேற்கோளுக்குள் மெயில் முகவரி இருந்தது. அது வெறும் குறிப்புதான், இல்லாமலும் கீ உருவாகும். அதனால் எடுத்துவிட்டேன். எடுக்க முடியாத கட்டளை என்றால் நோட்பேடில் டைப் செய்து மெயிலில் ஒட்டுங்கள், பிறகு உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பி அதிலிருந்து காப்பி செய்து ஓட்டிப் பாருங்கள்.

க்ளோன் செய்வதற்கு முன் இணைப்பைச் சோதிக்கும் ஸ்டெப் ஒன்றையும் சேர்த்தேன். அங்கே வரக்கூடிய இரண்டு தவறுகளை மட்டும் எழுதினேன். `Permission denied (publickey)` வந்தால் சர்வர் வரை போய்விட்டீர்கள், கீ ஏற்கப்படவில்லை, 4-க்குத் திரும்புங்கள். `Connection timed out` வந்தால் சர்வரையே தொடவில்லை, விபிஎன்னைப் பாருங்கள். சாத்தியமான எல்லாத் தவறையும் எழுத வேண்டாம், மெயில் மறுபடி பாராவாகிவிடும்.

"விக்கியில் போட வேண்டியதை ஏன் மெயிலில் போடுகிறீர்கள்" என்று இங்கே ஒருவர் கேட்பார். எங்கள் விக்கி விபிஎன்னுக்கு உள்ளே இருக்கிறது, விபிஎன் இல்லாத முதல் நாளில் அதைத் திறக்க முடியாது. "ஸ்கிரிப்ட் எழுதலாமே" என்பவர்களுக்கு: பாஸ்ஃப்ரேஸை மனிதர்தான் யோசித்துப் போட வேண்டும், ஸ்கிரிப்ட் எங்கே நின்றது என்று புரியவும் இந்த விளக்கம் வேண்டும். ஸ்கிரிப்ட்டை நான் எதிர்க்கவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. இந்த மெயிலுக்கு எனக்கு முழுதாக இரண்டு நாள் ஆனது. வருட மதிப்பீட்டில் அதை எழுதியபோது "இது டெலிவரி இல்லையே" என்றார்கள். அதே கூட்டத்தில், யாரும் திறக்காத ஒரு டாஷ்போர்டைச் செய்தவருக்குப் பாராட்டு. மாதாமாதம் புதியவர்கள் வரும் டீமில் இது எப்படி வேலையாகாமல் போகும்? உங்களிடம் எழுதச் சொன்ன மேனேஜரிடம், இதற்கு எத்தனை நாள் ஒதுக்குகிறார் என்று முதலிலேயே கேட்டு மெயிலில் வாங்கிவிடுங்கள்.

எழுதி முடித்ததும் அனுப்பிவிடாதீர்கள். அடுத்து சேர்ந்த கோயம்புத்தூர்த் தம்பியின் பின்னால் நாற்காலி போட்டு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஒரே இடத்தில்தான் நின்றான். பாஸ்ஃப்ரேஸ் டைப் செய்யும்போது திரையில் எழுத்தும் வராது, புள்ளியும் வராது. கீபோர்டு வேலை செய்யவில்லை என்று நினைத்து மூன்று முறை அழித்து அழித்து அடித்தான், அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தான். 3-ஆவது ஸ்டெப்பில் அன்றைக்கே ஒரு வரி சேர்த்தேன்: "டைப் செய்வது திரையில் தெரியாது, ஆனால் பதிவாகிறது. முடித்துவிட்டு என்டர் தட்டுங்கள், மறுபடி ஒருமுறை கேட்கும்."