மூலங்கள் ஏன் வட்டத்தில் சம இடைவெளியில் அமர்கின்றன? கலப்பெண்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி (பன்னிரண்டாம் வகுப்பு மாணவி): z⁴ = −8 + 8√3 i என்ற சமன்பாட்டில் மட்டு 16 என்று கண்டேன். வீச்சுக்கு tan⁻¹(−√3) = −60° என்று எடுத்ததில் மூலங்கள் −15°, 75°, 165°, 255° என்று வந்தன. விடையில் 30°-இலிருந்து தொடங்குகிறார்கள். எங்கே தவறினேன்?

பதில்: மட்டில் தவறில்லை. 64 + 192 = 256, அதன் வர்க்கமூலம் 16, அதன் நான்காம் மூலம் 2; ஆகவே நான்கு மூலங்களும் 2 அலகு ஆரமுள்ள வட்டத்தில்தான் இருக்கின்றன. தவறு நேர்ந்தது வீச்சில். y-ஐ x-ஆல் வகுக்கும்போது குறிகள் கலந்துவிடுகின்றன. −8 + 8√3 i, 8 − 8√3 i ஆகிய எதிரெதிர்ப் புள்ளிகள் இரண்டுக்கும் விகிதம் −√3 என்றே வருகிறது. எனவே tan⁻¹ தரும் கோணத்தை எழுதுவதற்கு முன் புள்ளியைத் தாளில் குறித்துவிடுங்கள். இடப்பக்கம் 8, மேலே ஏறத்தாழ 13.9 என்றால் அது இரண்டாம் கால்பகுதி, வீச்சு 120°.

இனி 120° + 360°k என்பதை 4-ஆல் வகுத்தால் 30°, 120°, 210°, 300° கிடைக்கின்றன. மூலங்கள் √3 + i, −1 + √3 i, −√3 − i, 1 − √3 i. முதலாவதைச் சரிபார்ப்போம்: (√3 + i)² = 2 + 2√3 i; அதை மீண்டும் வர்க்கப்படுத்தினால் 4 − 12 + 8√3 i, அதாவது −8 + 8√3 i.

உங்கள் −15°-ஐ நான்கால் பெருக்கினால் −60°. அது 8 − 8√3 i-இல் கொண்டுபோய் விடுகிறது. நீங்கள் வரைந்ததும் ஒரு சதுரம்தான், ஆனால் உரிய சதுரத்திலிருந்து 45° திரும்பிய சதுரம். படம் ஒழுங்காக வந்துவிட்டதே என்று அதை நம்பிவிடக் கூடாது. ஏதேனும் ஒரு மூலத்தை நான்காம் அடுக்குக்கு உயர்த்திப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இந்தத் தவறு அங்கேயே பிடிபட்டுவிடும்.

கேள்வி (மகனுக்குப் பாடம் சொல்லித்தரும் ஒரு தந்தை): ஐயா, 120°, 480° இரண்டும் ஒரே புள்ளி. ஒரே புள்ளியை 4-ஆல் வகுத்தால் இரண்டு வெவ்வேறு புள்ளிகள் எப்படி வரும்? மகன் கேட்டான், எனக்கும் பதில் தெரியவில்லை.

பதில்: உங்கள் மகன் கேட்டது இந்தப் பாடத்தின் மையமான கேள்வி. 360°k கூட்ட வேண்டும் என்பதை விதியாக மனப்பாடம் செய்தவர்கள் பலர் இதைக் கேட்பதே இல்லை.

துருவ வடிவில் இரண்டு எண்களைப் பெருக்கினால் மட்டுகள் பெருகுகின்றன, வீச்சுகள் கூடுகின்றன. ஆகையால் z-ஆல் பெருக்குவது என்பது ஒரு திருப்பம், அதனுடன் ஒரு நீட்டல். z⁴ என்பது அதே திருப்பத்தை நான்கு முறை செய்வது. அப்படியானால் நம் கேள்வி இதுதான்: மெய் அச்சின் நேர்த்திசையிலிருந்து கிளம்பி, நான்கு சம திருப்பங்களில் 120° திசையை அடைய ஒவ்வொரு முறையும் எவ்வளவு திரும்ப வேண்டும்?

30° வீதம் திரும்பினால் 30, 60, 90, 120 என்று நேராகப் போய்ச் சேரலாம். 120° வீதம் திரும்பினால் 120, 240, 360, 480. ஒரு முழுச்சுற்று முடித்து அதே திசையில் வந்து நிற்கிறோம். 210° வீதம் போனால் மொத்தம் 840°, அதாவது இரண்டு சுற்றும் 120°-உம். 300° வீதம் போனால் 1200°, அது மூன்று சுற்றும் 120°-உம். சேருமிடம் ஒன்று, போகும் வழி நான்கு. சேருமிடத்தை மட்டும் பார்ப்பவருக்கு எத்தனை சுற்று ஆனது என்பது தெரியாது. அந்தத் தெரியாத சுற்றுகளைத்தான் k எண்ணுகிறது. ஐந்தாவது வழி இருக்கிறதா என்று பார்த்தால், நான்கு சுற்றும் 120°-உம் சேர்ந்து 1440 + 120 = 1560°, ஒரு திருப்பத்துக்கு 390°. அது 30°-இல் வந்து நிற்பதால் பழைய மூலமே திரும்ப வருகிறது.

அடுத்தடுத்த மூலங்களுக்கு இடையே எப்போதும் 360°/4 = 90° இருப்பதற்கும் இதுவே காரணம்: ஒரு முழுச்சுற்றை நான்கு திருப்பங்களுக்கும் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 90°. வலப்பக்க எண் எதுவானாலும் இந்தப் பங்கீடு மாறாது. அந்த எண்ணின் வீச்சு சதுரத்தைத் திருப்பி வைக்கிறது, மட்டு அதன் அளவை முடிவு செய்கிறது, அவ்வளவுதான். வலப்பக்கம் 1 என்றால் சதுரத்தின் ஒரு மூலை 1-லேயே அமர்கிறது.

கேள்வி (கணித ஆசிரியை): 1-இன் n-ஆம் மூலங்களில் 1 தவிர எதை எடுத்தாலும், அதன் அடுக்குகள் மற்ற எல்லா மூலங்களையும் தந்துவிடும். n = 3, n = 5 இரண்டிலும் சோதித்துவிட்டேன். பொது விதியாக வகுப்பில் சொல்லலாம் அல்லவா?

பதில்: பகா எண்களுக்குச் சொல்லலாம், நீங்கள் சோதித்த இரண்டுமே பகா எண்களாக அமைந்துவிட்டன. n = 6 எடுத்துப் பாருங்கள். 60° மூலம் ஆறு மூலைகளையும் வரிசையாகத் தொடுகிறது. 120° மூலமோ 120, 240, 360 என்று மூன்றே மூலைகளில் சுற்றி வருகிறது. அது வரைவது அறுகோணத்துக்குள் ஒரு முக்கோணம். −1 இன்னும் சுருக்கமானது: −1-க்கும் 1-க்கும் இடையே போய்வந்துகொண்டிருக்கும். 60°, 300° ஆகிய இரண்டு மட்டுமே முழு அறுகோணத்தையும் தருகின்றன.

மூலங்களை ω, ω², ω³ என்று எண்ணி வந்தால், ωᵏ எல்லாவற்றையும் பிறப்பிக்க k-க்கும் n-க்கும் 1 தவிரப் பொதுக்காரணி இருக்கக் கூடாது. n = 8-இல் 1, 3, 5, 7 தேறுகின்றன. வகுப்பில் k = 3-ஐக் கரும்பலகையில் வரையச் சொல்லுங்கள்; மூன்று மூன்று மூலைகளாகத் தாவி ஓர் எட்டுமுனை நட்சத்திரம் உருவாகும்.

கேள்வி (நிரல் எழுதுபவர்): −8-இன் கனமூலம் −2 என்றுதான் படித்தேன். பைத்தான் வேறு எதையோ தருகிறது. இது பிழையா?

```
>>> (-8) ** (1/3)
(1.0000000000000002+1.7320508075688772j)
```

பதில்: பிழையில்லை. j என்பது நாம் i என்று எழுதுவதே. கடைசி இலக்கத்தில் தெரியும் 2 கணினியின் தோராயக் கணக்கீட்டின் சிறு பிசகு. விடை 1 + √3 i. −8-க்கு மூன்று கனமூலங்கள் உண்டு: மட்டு 2, வீச்சுகள் 60°, 180°, 300°. நீங்கள் படித்த −2 என்பது நடுவில் உள்ளது. ஒரே விடைதான் தர வேண்டும் என்னும்போது மொழி −8-இன் முதன்மை வீச்சான 180°-ஐ எடுத்து 3-ஆல் வகுக்கிறது. ஆகவே 60° கிடைக்கிறது. மெய்யெண் விடைதான் வேண்டும் என்றால் 8-இன் கனமூலத்தைக் கண்டு குறியை நீங்களே சேர்ப்பது பாதுகாப்பானது.

கேள்வி (மாணவர்): மூலங்கள் வட்டத்தில் சம இடைவெளியில் இருக்கும் என்கிறீர்கள். z² + z − 6 = 0-இன் மூலங்கள் 2, −3. எந்த வட்டம் இது?

பதில்: எந்த வட்டமும் இல்லை. நான் சொன்னது zⁿ = a என்ற வடிவச் சமன்பாடுகளுக்கு மட்டும்; இடையில் வேறு உறுப்பு வந்தால் அந்த உறுதி போய்விடுகிறது.

கேள்வி (மாணவர்): 1-இன் ஐந்தாம் மூலங்களின் கூடுதல் பூச்சியம் என்று நிறுவச் சொன்னார்கள். சமச்சீராக இருப்பதால் எதிரெதிரானவை நீங்கிவிடும் என்று எழுதினேன். பாதி மதிப்பெண்தான் போட்டார்கள்.

பதில்: பாதி போட்டது நியாயம் என்றே நினைக்கிறேன். ஐங்கோணத்தில் எதிரெதிர் மூலைகளே கிடையாது. 1-க்கு எதிரான −1, ஐந்தாம் மூலம் அல்ல. மெய் அச்சைப் பற்றிய சமச்சீர் கற்பனைப் பகுதியை மட்டுமே நீக்கித்தரும்.

நீங்கள் பயன்படுத்தியிருக்க வேண்டியது சுழற்சிச் சமச்சீர். கூடுதலை S என்க. ஐந்து மூலங்களையும் ω-வால் பெருக்கினால் ஒவ்வொன்றும் 72° திரும்பி அடுத்ததன் இடத்துக்குப் போகிறது; தொகுப்பு மாறுவதில்லை, ஆகவே ωS = S. 72° திருப்பியும் இடம் மாறாத ஒரே புள்ளி ஆதி. எனவே S = 0.

இதன் மெய்ப்பகுதியைத் தனியே எழுதினால் 1 + 2cos 72° + 2cos 144° = 0. cos 72° = c என்றால் cos 144° = 2c² − 1; பிரதியிட 4c² + 2c − 1 = 0 கிடைக்கிறது. நேர்மதிப்பு c = (√5 − 1)/4, ஏறத்தாழ 0.309. குறைமதிப்பையும் வீசிவிடாதீர்கள், −0.809 என்பது cos 144°-ஏதான்.

வர்க்கமூலம் மட்டுமே வந்திருப்பதால் ஐங்கோணத்தை அளவுகோலும் கவராயமும் கொண்டு வரைய முடிகிறது. எழுகோணத்துக்கு இதே வழியில் போனால் 8c³ + 4c² − 4c − 1 = 0 என்ற முப்படிச் சமன்பாடு வருகிறது; அதை வர்க்கமூலங்களால் மட்டும் தீர்க்க இயலாது, ஆகவே அந்த இரு கருவிகளால் ஒழுங்கு எழுகோணத்தைத் துல்லியமாக வரையவும் இயலாது. 17 பக்கப் பலகோணத்துக்கு அது இயலும் என்று 1796-இல் கண்டவர் காஸ். அப்போது அவருக்கு வயது 18.

கேள்வி (ஆசிரியை, மீண்டும்): முதன்மை வீச்சை 0°-இலிருந்து 360° வரை கொள்வதா, −180°-இலிருந்து 180° வரை கொள்வதா? மாணவர்கள் இரண்டையும் கலக்கிறார்கள்.

பதில்: மூலங்களைப் படமாக வரையும்போது முதலாவதே எனக்கு வசதி, 30, 120, 210, 300 என்று சுற்றிவரலாம். பாடநூல்களில் மிகுதியாக இருப்பது இரண்டாவது; இணை எண்ணின் வீச்சு குறி மாறினால் போதும் என்பது அதன் நன்மை.

இடையில் மற்றொருவர்: தேர்வில் 300° என்று எழுதி மதிப்பெண் இழந்தவன் நான். −60° என்றே எழுதச் சொல்லுங்கள்.

பதில்: வினா முதன்மை வீச்சைக் கேட்டிருந்தால் நீங்கள் சொல்வது சரி. மூலங்களை மட்டும் கேட்டிருந்தால் இரண்டும் ஒரே புள்ளி; அங்கே மதிப்பெண் குறைத்தது முறையல்ல என்பது என் கருத்து. ஆசிரியை தம் நூல் எதைக் கொள்கிறதோ அதையே வகுப்பில் கொள்ளட்டும்.