70 எழுத்துக்குள் தமிழ்த் தலைப்பு: எதை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது

கேள்வி: ஆங்கிலத் தலைப்புச் செய்திகளை எஸ்எம்எஸ் அலர்ட்டுக்காகத் தமிழில் மாற்றுகிறேன். 70 எழுத்துக்குள் முடிக்கச் சொல்கிறார்கள். சுருக்கினால் தகவல் மாறிவிடுகிறது, மாறாமல் எழுதினால் இடம் போதவில்லை. நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

முதலில் அந்த 70 எதன் எண்ணிக்கை என்று பார்த்துவிடலாம். பாதிக் குழப்பம் அங்கேதான் இருக்கிறது. ஆங்கில எஸ்எம்எஸ் ஒன்றில் 160 எழுத்து கொள்ளும். தமிழ் யூனிகோடில் போவதால் ஒரு செய்திக்கு 70தான். அதைத் தாண்டினால் செய்தி இரண்டாக உடையும். அப்போது ஒவ்வொரு துண்டுக்கும் 67தான் கிடைக்கும், செலவும் இரட்டிப்பு. இந்த 70 நாம் பள்ளியில் எண்ணிய எழுத்துக் கணக்கு இல்லை. புள்ளி தனி, கொம்பு தனி, துணைக்கால் தனி. ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து, கருவிக்கு ஐந்து. இடைவெளியும் முற்றுப்புள்ளியும் சேர்ந்துதான் கணக்கு.

```python
import unicodedata
t = "தமிழ்"
print(len(unicodedata.normalize("NFC", t)))  # 5
```

`normalize` எதற்கு என்றால், சில விசைப்பலகைகளில் ‘போ’ இரண்டு குறியாக வராமல், ஏகாரக் கொம்பும் துணைக்காலும் பிரிந்து மூன்றாக வரும். கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். ஓரத்தில் நிற்கும் தலைப்பு அதனாலேயே உடைந்துபோகும்.

சரி, ஒரு கற்பனைச் செய்தியை எடுத்துக்கொண்டு கடைசி வரை போய்ப் பார்ப்போம். ஆங்கில மூலம் சொல்வது இவ்வளவுதான்: ஓர் ஆலையில் ஏதோ வெடித்திருக்கிறது. குறைந்தது 6 பேர் இறந்திருக்கிறார்கள். வாயுக் கசிவாக இருக்கலாம் என்று போலீஸ் சந்தேகிக்கிறது. ஒன்றும் விடாமல் எழுதினால் இப்படி வரும்:

ஆலை வெடிவிபத்தில் குறைந்தது 6 பேர் உயிரிழப்பு. வாயுக் கசிவு காரணமாக இருக்கலாம் எனப் போலீஸ் தகவல்

இது 96. இன்னும் 26 வெட்ட வேண்டும். அவசரத்தில் கை தானாக எழுதுவது இது:

வாயுக் கசிவால் ஆலையில் வெடிவிபத்து: 6 பேர் பலி

46தான். படிக்கவும் நன்றாக இருக்கிறது. ஆனால் இது வேறு செய்தி. ‘கசிவால்’ என்று எழுதியதும் போலீசின் சந்தேகம் நம்முடைய தீர்ப்பாகிவிட்டது. ‘குறைந்தது’ போனதால் எண்ணிக்கை முடிந்துபோன மாதிரி தெரிகிறது. மாலையில் 9 என்று வந்தால், படித்தவர் ‘காலையில் தப்பாகப் போட்டார்கள்’ என்றுதான் நினைப்பார். ‘ஆல்’ என்ற அந்த வேற்றுமை உருபில் எப்போதும் ஒரு கண் வையுங்கள். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எடுத்துச் சொல்லும் காரணத்தைத் தமிழில் அது இரண்டு மூன்று குறியில் சொல்லிவிடும். அதனால்தான் சந்தேகத்தையும் அவ்வளவு எளிதாக உண்மையாக்கிவிடுகிறது.

ஆகவே நீளமான வடிவத்துக்கே திரும்பிப் போய், தகவலைத் தொடாமல் சொல்லை மட்டும் மாற்றுவோம். ‘உயிரிழப்பு’ 10 குறி, ‘பலி’ 3. அங்கேயே 7 மிச்சம். ‘காரணமாக இருக்கலாம் எனப் போலீஸ் தகவல்’ என்பதை ‘எனப் போலீஸ் சந்தேகம்’ என்று சுருக்கினால் இன்னும் 16 குறையும். சந்தேகம் என்ற சொல்லுக்குள்ளேயே ‘இருக்கலாம்’ அடங்கிவிடுகிறது. இப்போது 73:

ஆலை வெடிவிபத்தில் குறைந்தது 6 பேர் பலி. வாயுக் கசிவு எனப் போலீஸ் சந்தேகம்

மூன்று குறி அதிகம். இந்த மாதிரி நேரத்தில் நான் ஒவ்வொரு சொல்லையும் மூலத்தோடு வைத்துப் பார்ப்பேன்: இதை அவர்கள் சொன்னார்களா, நான் சேர்த்தேனா? இங்கே ‘வெடிவிபத்து’ மாட்டிக்கொள்கிறது. மூலம் வெடித்தது என்று மட்டும்தான் சொல்கிறது. விபத்து என்று யாரும் இன்னும் சொல்லவில்லை, காரணமே சந்தேகத்தில்தான் இருக்கிறது. வழக்கமாக எழுதும் சொல் என்பதால் கண்ணில் படாமல் நழுவியிருக்கிறது. ‘வெடிப்பில்’ என்று மாற்றினால் சரியாக 3 குறைகிறது:

ஆலை வெடிப்பில் குறைந்தது 6 பேர் பலி. வாயுக் கசிவு எனப் போலீஸ் சந்தேகம்

70. சுவரில் விழும் விரிசலுக்கும் வெடிப்பு என்று பெயர் உண்டுதான். ஆனால் பக்கத்தில் 6 பேர் இறந்த செய்தி இருப்பதால் யாரும் அப்படிப் படிக்க மாட்டார்கள். ‘எனப்’ என்பதில் உள்ள ப்-ஐ எடுத்துவிட்டால் இரண்டு குறி கிடைக்கும். பல தலைப்புகளில் ஒற்று இல்லாமல்தான் வருகிறது. என் கருத்தில், தகவலைக் காப்பாற்ற ஒற்றைப் பலி கொடுக்கலாம். தேவையில்லாத நேரத்தில் கொடுக்க வேண்டியதில்லை.

இன்னும் சிறிய இடம், 50க்குள் என்றால்? அப்போது முற்றுப்புள்ளிக்குப் பின்னால் உள்ளதை முழுசாக எடுத்துவிடுங்கள். ‘ஆலை வெடிப்பில் குறைந்தது 6 பேர் பலி’ என்பது 35. காரணத்தைச் செய்திக்குள் படித்துக்கொள்வார்கள். ஒரு கூற்றை விடுவதென்றால் கூற்றும் சொன்னவரும் சேர்ந்தே போக வேண்டும். சொன்னவரை மட்டும் எடுத்துவிட்டால், எஞ்சி நிற்பதற்கு நாம் சாட்சி ஆகிவிடுவோம்.

சொன்னவரைக் குறிக்கத் தமிழில் இன்னொரு குறுக்குவழி இருக்கிறது. ‘வாயுக் கசிவாம்’ என்றால் அந்தப் பகுதியில் 19 குறி மிச்சம். பேச்சில் ‘ஆம்’ போட்டால் ‘நான் சொல்லவில்லை, சொல்கிறார்கள்’ என்று பொருள். ஆனால் எழுத்தில் அது வம்பு பேசும் தொனி. ‘நம்புகிற மாதிரியா இருக்கு?’ என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும். ஆங்கிலத் தலைப்பில் ஒரு சொல்லுக்கு மட்டும் ஒற்றை மேற்கோள் போட்டிருப்பார்கள். அவர்களுக்கு அது ‘இது மற்றவர் சொன்னது’ என்ற அடையாளம். அதை அப்படியே நம் தலைப்பில் வைத்தால் பலர் கிண்டலாகப் படிப்பார்கள். இரண்டு இடத்திலும் ‘என’தான் பாதுகாப்பு.

‘பலி’ பற்றியும் ஒரு வார்த்தை. வெடிப்பு, மோதல், வெள்ளம் போன்றவற்றில் உயிர் போனால் எழுதலாம். நோயாலோ வயதாலோ இறந்தவருக்கு அது பொருந்தாது. அங்கே ‘மரணம்’ 5 குறி, அதிலேயே முடித்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் ஒரே வினை விபத்துச் சாவுக்கும் கொலைக்கும் வரும். தமிழில் ‘கொலை’ என்று எழுதிவிட்டால் ஒருவர் வேண்டுமென்றே செய்தார் என்று சொல்லியாயிற்று. 4 குறிதான், கையும் அங்கேதான் போகும். நீதிமன்றமோ போலீசோ அப்படிச் சொல்லாத வரை எழுதாதீர்கள்.

இனி பெயர்ச்சொல்லில் முடிப்பது. கைது, உயர்வு, ரத்து, தாக்குதல் என்று வினையை உதிர்த்துவிடுவது தமிழ்த் தலைப்பின் பழைய வழக்கம். நல்லதும் உண்டு. ‘கைது’ என்று முடித்தால் ‘கைதானான்’ என்பதா, ‘கைதானார்’ என்பதா என்ற சங்கடமே இல்லை. மரியாதை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஆனால் காலமும், யார் செய்தார் என்பதும் சேர்ந்தே உதிர்ந்துவிடுகின்றன. அடுத்த மாதம் கட்டணம் உயரப்போகிறது என்று மூலம் சொல்லும்போது ‘கட்டணம் உயர்வு’ என்று எழுதினால் இன்றே உயர்ந்துவிட்டதாகத்தான் படிப்பார்கள். ‘உயர்வு’ 6 குறி. எண்ணிப் பாருங்கள், ‘உயரும்’ என்பதும் 6தான். இன்னும் முடிவாகாத யோசனை என்றால் ‘உயரலாம்’ 7. ஒரு குறிக்காகப் பொய் சொல்ல வேண்டாமே.

யார் செய்தார் என்பது தொலையும் இடங்கள் இன்னும் மோசம். ‘மாணவர் தாக்குதல்’ என்றால் மாணவர் அடித்தாரா, அடிவாங்கினாரா? ‘ஆசிரியர் கொலை வழக்கு’ என்றால் செத்தவர் ஆசிரியரா, வழக்கில் சிக்கியவர் ஆசிரியரா? எழுதுகிற நமக்குச் செய்தி தெரியும் என்பதால் சந்தேகமே வராது. ‘மாணவர் மீது தாக்குதல்’ என்று எழுத இடைவெளியோடு 5 குறி கூடும். அந்த ஐந்தை வேறு எங்காவது பிடித்து இங்கே கொடுங்கள்.

எண்களில் இடமும் துல்லியமும் சேர்ந்தே கிடைக்கும் வழி ஒன்று உண்டு. வட்டி விகிதம் 5%-இல் இருந்து 5.5% ஆகிறது என்று வையுங்கள். ‘வட்டி 0.5% உயர்வு’ என்பது தப்பு. உயர்ந்தது அரை சதவீதப் புள்ளி. பழைய வட்டியோடு ஒப்பிட்டால் உயர்வு 10%. இதை விளக்கத் தலைப்பில் இடம் கிடையாது. ‘வட்டி இனி 5.5%’ என்று முடிவு எண்ணை மட்டும் கொடுத்துவிட்டால் குழப்பத்துக்கே வழியில்லை. மில்லியனை லட்சமாக மாற்றும்போது 2.5 மில்லியன் 25 லட்சம். இதை மனக்கணக்கில் விடாமல் எழுதிப் பாருங்கள், ஒரு சுழியம் தவறுவது மிகச் சாதாரணம்.

அனுப்பும் முன் நான் செய்யும் சோதனை ஒன்றுதான். மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் தலைப்பை மட்டும் காட்டிச் சில கேள்விகள் கேட்பேன். நடந்துவிட்டதா, நடக்கப்போகிறதா? யார் யாரை? இதை யார் சொல்கிறார்கள்? எண் முடிவானதா? அவர் பதில் மூலத்தோடு ஒத்துப்போனால் அனுப்பலாம். ‘இது யாரோ சொன்னதா, நீங்களே சொல்கிறீர்களா?’ என்று அவர் திருப்பிக் கேட்டால், இன்னும் வேலை இருக்கிறது.

அப்புறம், அந்த ஆலைச் செய்தி அன்றைக்கே முடியாது. இறந்தோர் எண்ணிக்கை உறுதியானதும் ‘குறைந்தது’ தானாக விழும். இடைவெளியோடு 10 குறி கையில் வரும். முதல் செய்தியில் ஊர்ப் பெயருக்கு இடம் இல்லாமல் போயிருந்தால், அதை இப்போது சேர்த்துக்கொள்ளலாம்.